பழைய தாளின் படக் கேள்விகள்: ஆண்டு வாரியாகவா, ஜாடை வாரியாகவா, கையால் வரைந்தா?

போன மாதம் ஒரு ஜூனியர் கூப்பிட்டாள். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு எஃப்எம்ஜிஇ-க்குத் தயாராகிறாள். "அக்கா, பழைய தாளில் இருக்கிற படக் கேள்விகளை வருஷ வருஷமா போடட்டுமா, இல்லை சப்ஜெக்ட் வாரியா பிரிச்சுப் போடட்டுமா? அனாட்டமியும் பேத்தாலஜியும்தான் படம் வந்தாலே காலை வாருது" என்றாள். அன்று போனில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். நான் இப்போது முதுநிலையில் பேத்தாலஜி படிக்கிறேன். நீட் பிஜி-க்குப் படித்தபோது இதே கேள்வியில் பல வாரங்களை இழந்தவள். அவளுக்குச் சொல்ல விட்டுப்போனதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பழைய தாள் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். நீட் பிஜி, எஃப்எம்ஜிஇ வினாத்தாள்களைத் தேர்வு வாரியம் படத்தோடு முழுத்தாளாக வெளியிடுவதில்லை. நம் கையில் இருப்பவை எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகள், அதாவது ரீகால். வரிகளை ஓரளவு நினைவில் கொண்டுவர முடியும். படத்தை யாரும் தலையில் எடுத்து வர முடியாது. "குழந்தை, கண்ணில் வெள்ளைப் பளபளப்பு, ஸ்லைடில் ரோசெட்" என்று ஒருவர் சொன்னால், தொகுப்பவர் பாடப்புத்தகத்திலோ இணையத்திலோ கிடைத்த ஒரு ரோசெட் படத்தை அங்கே ஒட்டுகிறார். தேர்வில் வந்தது வேறு படம். அம்புக்குறி வேறு இடத்தில் இருந்திருக்கலாம், பெரிதாக்கிய அளவும் வேறாக இருந்திருக்கலாம்.

ஆகவே ரீகால் தொகுப்பை நம்பி எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதில் தெளிவு வேண்டும். எந்தத் தலைப்பில் படம் கேட்கிறார்கள், படத்தோடு என்ன மாதிரி நோயாளிக் கதை வைக்கிறார்கள் என்பது தெரியும். அந்தப் படத்தை உங்களால் அடையாளம் காண முடியுமா என்பது தெரியாது.

கேள்வியை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் முன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். அனாட்டமி, பேத்தாலஜி இரண்டிலும் சேர்த்து நாற்பது படக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டு வரிகளை மட்டும் படித்து விடை எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகளில் வரிகளையும் நான்கு விடைகளையும் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

நான் இதைச் செய்தபோது பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்குப் படத்தையே பார்க்காமல் சரியான விடை வந்தது. ஒரு உதாரணம்: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குளில் நிணநீர்க்கணுக்களையும் எடுத்த பெண், சுவரைக் கையால் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்துகிறது, எந்த நரம்பு? பக்கத்தில் முதுகின் புகைப்படம். அந்தப் புகைப்படம் இல்லாவிட்டாலும் விடை லாங் தொராசிக் நரம்புதான். சி5, சி6, சி7 வேர்களிலிருந்து வந்து செரேட்டஸ் ஆன்டீரியர் தசைக்குப் போவது. இந்தக் கேள்வியை நூறு முறை போட்டாலும் படம் பார்க்கும் திறன் கொஞ்சமும் கூடாது.

அதே புகைப்படத்தைக் கதை இல்லாமல் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். டிரபீசியஸ் தசை செயலிழந்தாலும் தோள்பட்டை எலும்பு துருத்தும். அது ஸ்பைனல் அக்சசரி நரம்பு, கழுத்தின் போஸ்டீரியர் டிரயாங்கிளில் கணு எடுக்கும்போது அடிபடுவது. செரேட்டஸ் செயலிழந்தால் எலும்பு நடுக்கோட்டை நோக்கி நகர்கிறது. டிரபீசியஸ் செயலிழந்தால் தோள் தொங்கி எலும்பு வெளிப்பக்கமாக விலகுகிறது. இதைப் படத்தில் பிரித்துச் சொல்ல முடிந்தால்தான் அந்தப் படத்தைப் படித்தீர்கள் என்று அர்த்தம்.

இந்தச் சோதனையில் வரி மதிப்பெண் நன்றாகவும் பட மதிப்பெண் குறைவாகவும் வந்தால், ஆண்டு வாரியாகத் தாள் போடுவதை இப்போதைக்கு நிறுத்திவிடலாம். அது உங்களுக்குப் பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கும். இரண்டும் குறைவாக இருந்தால் பாடமே இன்னும் நிற்கவில்லை, படப் பயிற்சிக்கு முன்னால் ஒரு முறை வாசிப்பு முடிய வேண்டும். இரண்டும் நன்றாக இருப்பவர்களுக்கு ஆண்டு வாரியான தாளே போதும்.

ஆண்டு வாரியாக எதற்குப் பயன்படும்

நேரத்துக்கு. 2024-லிருந்து நீட் பிஜி-யில் இருநூறு கேள்விகளை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, நாற்பது கேள்விக்கு 42 நிமிடம் என்று பூட்டிவிட்டார்கள். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. கேள்விக்குச் சராசரியாக 63 விநாடி. படத்தை ஒரு முறை பார்த்து, கதையைப் படித்து, மறுபடி படத்துக்கு வந்து நிற்பவர்களுக்கு அந்த நேரம் போதவே போதாது. கலந்துகட்டி வரும் கேள்விகளை நேரம் வைத்துப் போட்டால்தான் இந்தப் பழக்கம் தெரியவரும், சரியாகும்.

கற்றுக்கொள்ள இது மோசமான முறை என்பது என் எண்ணம். ஒரு தாளில் ரோசெட் ஒரு தடவை வரும், அடுத்தது மூன்று தாள் தள்ளி வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைப்பதில்லை. தவறினால் விளக்கத்தைப் படித்து "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

பேத்தாலஜிக்கு ஜாடை வாரியாக

ஸ்லைடு படத்தில் நாம் தவறுவது அந்த நோய் தெரியாததால் மட்டும் அல்ல. அதைப் போலவே இருக்கும் இன்னொன்றோடு குழப்பிக்கொள்வதால்தான் அதிகம் தவறுகிறோம். அதனால் உறுப்பு வாரியாகவோ அத்தியாயம் வாரியாகவோ படங்களை அடுக்குவதில் பெரிய பயன் இல்லை. ஒரே ஜாடை உள்ளவற்றை ஒரே பக்கத்தில் ஒட்ட வேண்டும். பழைய தாளிலிருந்து ஒரு படத்தை எடுங்கள். "இதை வேறு எதாக நினைத்துவிடுவேன்?" என்று கேளுங்கள். அந்த வேறு ஒன்றையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

ரோசெட் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வட்டமாக அணுக்கள் நிற்கிற படம் வந்தவுடன் நான் முன்பெல்லாம் குழந்தை என்றால் நியூரோபிளாஸ்டோமா, கண் என்றால் ரெட்டினோபிளாஸ்டோமா என்று கதையை வைத்து ஓட்டினேன். கதை இல்லாமல் படம் மட்டும் வந்தபோது திணறினேன். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டிய பிறகுதான் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்று புரிந்தது: வட்டத்தின் நடுவில் என்ன இருக்கிறது?

நடுவில் நூல் நூலாக இளஞ்சிவப்புப் பின்னல் இருந்து, ஓட்டை எதுவும் இல்லை என்றால் ஹோமர் ரைட் ரோசெட். நியூரோபிளாஸ்டோமாவிலும் மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் வருவது. ஹோமர் ரைட் என்பது ஒரே ஆளின் பெயர், இரண்டு பேர் அல்ல. நடுவில் சுத்தமான ஒரு சின்ன ஓட்டை இருந்து, அதைச் சுற்றி உயரமான அணுக்கள் வரிசையாக நின்றால் ஃப்ளெக்ஸ்னர் விண்டர்ஸ்டைனர், ரெட்டினோபிளாஸ்டோமா. இது இரண்டு பேர். நடுவில் இரத்தக்குழாய் இருந்து, குழாய்க்கும் உட்கருக்களுக்கும் இடையில் உட்கருவே இல்லாத ஒரு வளையம் தெரிந்தால் பெரிவாஸ்குலர் சூடோரோசெட். எபெண்டிமோமாவில் முதலில் நினைக்க வேண்டியது இதுதான். எபெண்டிமோமாவுக்கு உண்மையான ரோசெட்டும் உண்டு, அதிலும் நடுவில் ஓட்டை இருக்கும். ஆனால் சூடோரோசெட்டைவிடக் குறைவாகவே காணப்படும்.

இதோடு நிறுத்தாமல் சூலகக் கட்டிகளில் வரும் இரண்டையும் அதே பக்கத்தில் ஒட்டினேன். கிரானுலோசா செல் கட்டியில் வரும் கால் எக்ஸ்னர் அமைப்பில் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு பொருள் தேங்கியிருக்கும், சுற்றி உள்ள உட்கருக்களில் காப்பிக்கொட்டையில் இருப்பது போல ஒரு கோடு ஓடும். யோக் சாக் கட்டியின் ஷில்லர் டுவால் அமைப்பில் நடுவில் இரத்தக்குழாய். இங்கேதான் சூடோரோசெட்டோடு குழப்பம் வரும், இரண்டிலும் நடுவில் குழாய்தானே? ஷில்லர் டுவாலில் குழாயை ஒட்டியே கட்டி அணுக்கள் போர்த்தியிருக்கும், அதைச் சுற்றி ஒரு வெற்றிடம், வெற்றிடத்தின் வெளிச்சுவரிலும் அணுக்கள். பார்க்கச் சிறுநீரகத்தின் குளோமெருலஸ் மாதிரி இருக்கும். சூடோரோசெட்டில் அந்த வெற்றிடம் கிடையாது.

இந்த ஒரு பக்கத்தைச் செய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதே நேரத்தில் ஒரு முழுப் பகுதியையே போட்டு முடித்திருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு ரோசெட்டில் நான் தவறவில்லை.

ஆந்தைக் கண் இன்னொரு நல்ல குடும்பம், சின்னதும்கூட. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவின் ரீட் ஸ்டெர்ன்பெர்க் அணுவையும் ஆந்தைக் கண் என்கிறோம், சைட்டோமெகலோ வைரஸ் தாக்கிய அணுவையும் ஆந்தைக் கண் என்கிறோம். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ரீட் ஸ்டெர்ன்பெர்க்கில் ஆந்தையின் இரண்டு கண்களும் தெரியும்: இரண்டு உட்கரு அல்லது இரண்டு மடல், ஒவ்வொன்றிலும் சிவந்த பெரிய நியூக்ளியோலஸ், அதைச் சுற்றி வெளிர் வளையம். வைரஸ் அணுவில் ஒரே கண்தான், பெருத்த ஒரு உட்கருவுக்குள் கருநீலச் சாயல் ஏறிய இன்க்ளூஷன், சுற்றி வெளிர் வளையம். அப்புறம் பின்னணியைப் பாருங்கள். ரீட் ஸ்டெர்ன்பெர்க்கைச் சுற்றிச் சின்ன லிம்ஃபோசைட்டுகளும் இயோசினோஃபில்களும் கூட்டமாக இருக்கும். வைரஸ் அணு நுரையீரலிலோ குடலிலோ சிறுநீரகத்திலோ அந்தந்தத் திசுவுக்கு நடுவே இருக்கும்.

இந்த முறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தது. ரீகால் தொகுப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுப்பதால் ஒரே படமே எல்லா இடத்திலும் சுற்றுகிறது. நாளடைவில் நாம் நோயைப் பார்ப்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட படத்தின் ஓரம், நிறம், மூலையில் இருக்கும் கீறல் ஆகியவற்றைத்தான் பார்க்கிறோம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் பக்கத்தில் இருக்கும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் திருப்பிப் பாருங்கள். தடுமாறினால் படத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து மூன்று படமாவது சேருங்கள், அதில் ஒன்று குறைவாகப் பெரிதாக்கியதாக இருக்கட்டும். சாயமே விடையாக இருக்கும் படங்களுக்கு இந்தக் கறுப்பு வெள்ளைச் சோதனை ஒத்துவராது. காங்கோ ரெட் போட்ட அமிலாய்டு, துருவ ஒளியில் ஆப்பிள் பச்சையாக மின்னுவதுதான் அங்கே அடையாளம். நிறத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அனாட்டமிக்கு ஏன் அது போதாது

அனாட்டமிப் படத்தில் குழப்பம் ஜாடையால் வருவதில்லை. இடமும் திசையும்தான் குழப்புகின்றன. இங்கே பலரும் எடுப்பது மறைப்பு அட்டை: படத்தில் பெயர்களைக் கட்டம் போட்டு மறைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது. மண்டை ஓட்டின் அடித்தளத் துளைகள், எலும்பின் மேடு பள்ளங்கள், இதயத்தின் வெளித்தோற்றம் இவற்றுக்கு அது நல்ல வழி, வேகமானதும்கூட. ஆனால் மேல் இடது கட்டம் என்றால் இன்னது என்று கட்டத்தின் இடம் மனதில் பதிந்துவிடும். ஃபொராமன் ஓவாலேயையும் ஸ்பைனோசத்தையும் ஓவியத்தில் பளிச்சென்று சொல்பவர்கள் சிடி ஸ்கேனில் தேடுவார்கள். ஸ்கேனில் அவை ஹை ஹீல் செருப்பின் தடம் மாதிரி தெரியும், முன்னால் நீள்வட்டமாக ஓவாலே, அதற்குப் பின்னால் வெளிப்பக்கமாகக் குதிகால் புள்ளி போல ஸ்பைனோசம். அட்டை செய்தால் ஓவியம் ஒன்று, உண்மை எலும்பு ஒன்று, ஸ்கேன் ஒன்று என மூன்றிலும் செய்யுங்கள்.

குறுக்குவெட்டுப் படங்களுக்குக் கையால் வரைவதை எதுவும் மிஞ்சாது என்பது என் உறுதியான கருத்து. முதலாண்டில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அழகாக வரைந்து நிழல் போட்ட மாதிரி அல்ல. பால்பாயின்ட் பேனா, ஒரு பழைய நோட்டு, படத்துக்கு நான்கு நிமிடம்.

மிட்பிரெய்னை வைத்துச் செய்து காட்டுகிறேன். பழைய கேள்விகளில் வரும் வடிவம் இப்படி: நோயாளிக்கு வலது இமை தொங்குகிறது, வலது கண் கீழும் வெளியும் பார்க்கிறது, இடது கையும் காலும் பலவீனம். குறுக்குவெட்டில் ஏ முதல் டி வரை குறித்திருக்கிறது, பாதிப்பு எங்கே? கதையைப் படித்தவுடனே வீபர் சிண்ட்ரோம் என்று சொல்லிவிடலாம். அந்த நாலு எழுத்தில் எது என்பதில்தான் மதிப்பெண் போகும்.

வரையுங்கள். பின்பக்கத்தை மேலே வைத்து இரண்டு மேடு, அவை சுப்பீரியர் காலிகுலஸ். கீழே நடுவில் சின்ன ஓட்டை, அக்விடக்ட். அதைச் சுற்றிச் சாம்பல் வளையம். வளையத்தின் கீழ் ஓரத்தில், நடுக்கோட்டை ஒட்டி, மூன்றாம் நரம்பின் நியூக்ளியஸ். அதற்கும் கீழே இருபுறமும் உருண்டையாக ரெட் நியூக்ளியஸ். அதற்கு வெளியே பிறை போலச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. கடைசியாகக் கீழே இரண்டு கால்கள், க்ரஸ் செரிப்ரி. ஒவ்வொரு காலையும் ஐந்தாகப் பிரித்தால் நடுவில் உள்ள மூன்று பங்கில் கார்ட்டிகோஸ்பைனல், கார்ட்டிகோநியூக்ளியர் இழைகள். இப்போது மூன்றாம் நரம்பை நியூக்ளியஸிலிருந்து கோடாக இழுங்கள். ரெட் நியூக்ளியஸைத் தொட்டுக்கொண்டு கீழே வந்து, க்ரஸின் உள் ஓரத்தை ஒட்டி இரண்டு கால்களுக்கு இடையில் வெளியே வரும்.

அந்தக் கோட்டைக் கையால் இழுத்த பிறகு சிண்ட்ரோம்களை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. கோட்டைக் கீழே, க்ரஸில் வெட்டினால் அதே பக்கத்து மூன்றாம் நரம்பும் எதிர்ப்பக்கத்துக் கை காலும் போகும், வீபர். கொஞ்சம் மேலே ரெட் நியூக்ளியஸில் வெட்டினால் அதே மூன்றாம் நரம்போடு எதிர்ப்பக்கத்தில் நடுக்கமும் கட்டுப்பாடற்ற அசைவும் வரும், பெனடிக்ட். நம் நோயாளிக்கு வலது க்ரஸ்.

அடுத்ததாக இன்ஃபீரியர் காலிகுலஸ் மட்டத்தையும் பக்கத்தில் வரையுங்கள். அங்கே ரெட் நியூக்ளியஸ் இல்லை, அந்த இடத்தில் சுப்பீரியர் செரிபெல்லர் பெடங்கிள்கள் குறுக்கே கடக்கின்றன. நியூக்ளியஸ் நான்காம் நரம்புடையது. உருண்டை இரண்டு தெரிந்தால் மேல் மட்டம், நடுவில் குறுக்குப் பின்னல் தெரிந்தால் கீழ் மட்டம்.

இனி திசை. பாட ஓவியத்தில் பெரும்பாலும் பின்பக்கம் மேலே. எம்.ஆர்.ஐ-யில் முன்பக்கம் மேலே, நோயாளியின் வலது பக்கம் நமக்கு இடது கையில். அப்படியானால் வலது க்ரஸ் எம்.ஆர்.ஐ-யில் மேலே இடப்புறம். படத்தை அப்படியே தலைகீழாகச் சுற்றினால் மேல் கீழ் மட்டும் மாறாது, இடது வலதும் சேர்ந்து மாறும். இப்போது வலது க்ரஸ் கீழே வலப்புறம் வந்துவிடும். நோட்டைச் சுற்றிப் பார்த்தால் பத்து விநாடியில் விளங்கும். இதை மனக்கணக்காகச் செய்யப் போய்த்தான் நான் ஒரு மாதிரித் தேர்வில் சிண்ட்ரோம் சரியாகச் சொல்லியும் எதிர்ப்பக்கத்து எழுத்தைக் குறித்தேன். வரைந்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் முன், பின், வலது, இடது என்று நான்கையும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

வரைவதற்கும் எல்லை உண்டு. பிரேக்கியல் பிளெக்சஸ், மிட்பிரெய்ன், பான்ஸ், மெடுல்லா, ஸ்பைனல் கார்ட், முன்கையின் குறுக்குவெட்டு, கேவர்னஸ் சைனஸ், இப்படிப் பன்னிரண்டு பதினைந்து படங்களுக்குத்தான் இந்த உழைப்பு பலன் தரும். ஹிஸ்டாலஜியை வரைய வேண்டாம், பார்த்தால் போதும். மிச்சிகன் பல்கலைக்கழகம் திறந்து வைத்திருக்கும் ஹிஸ்டாலஜி ஸ்லைடுகளை இணையத்தில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கலாம்.

எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து

பத்து வாரம் இருந்தால் முதல் ஆறு வாரம் பேத்தாலஜிக்கு ஜாடைப் பக்கங்கள், வாரத்துக்கு மூன்று. அனாட்டமிக்கு வாரத்துக்கு இரண்டு வரைபடம், பழையவற்றை வாரக் கடைசியில் பார்க்காமல் மறுபடி வரைய வேண்டும். அட்டைகளைப் பேருந்திலும் மெஸ் வரிசையிலும் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை தொடாமல் வைத்திருந்த இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களைக் கடைசி நான்கு வாரத்தில் நேரம் வைத்துப் போடலாம். தொடாமல் வைப்பது முக்கியம். ஜாடைப் பக்கத்துக்கு எல்லாத் தாளையும் வெட்டி எடுத்துவிட்டால் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் புதிதாகப் பக்கம் செய்ய உட்காராதீர்கள். ஆண்டுத் தாள்களை நேரம் வைத்துப் போட்டு, படத்தால் தவறியவற்றுக்கு மட்டும் ஒத்த ஜோடியைத் தேடிப் பக்கத்தில் ஒட்டுங்கள். வரைவதில் மூளைத்தண்டையும் பிரேக்கியல் பிளெக்சஸையும் மட்டும் எடுங்கள்.

தேர்வைப் பொறுத்தும் ஒரு வித்தியாசம் உண்டு. எஃப்எம்ஜிஇ-யில் முந்நூறுக்கு நூற்றைம்பது எடுத்தால் தேர்ச்சி, தவறுக்குக் குறைப்பு கிடையாது. கதையை வைத்தே விடை வந்துவிட்டால் படத்தோடு மல்லுக்கட்டாமல் குறித்துவிட்டு நகரலாம். நீட் பிஜி-யில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். இனிசெட்டில் சரிக்கு ஒன்று, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். அங்கே கதையும் படமும் ஒத்துப்போகாதது போல் தோன்றினால் இன்னொரு பத்து விநாடி படத்துக்குக் கொடுப்பது வீண் போகாது.

ஜூனியருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று அவள் செய்த சோதனையின் மதிப்பெண்ணை அனுப்பினாள்: நாற்பதில் வரியை மட்டும் வைத்து இருபத்து மூன்று, படத்தை மட்டும் வைத்து பதினொன்று. தாள் கட்டை ஓரம் வைத்துவிட்டு ரோசெட் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.